பேக்கப் சோதனையின் முடிவை நிர்வாகத்துக்கு எழுத நான்கு வழிகள்: எது எங்கே உடைகிறது

ஆர்டர் டேட்டாபேஸின் பேக்கப்பை எடுத்து வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்கும் சோதனை முடிந்திருக்கிறது. முடிவு நன்றாக இல்லை. நிதி, செயல்பாடு, வாடிக்கையாளர் சேவை ஆகிய மூன்று பிரிவுகளின் தலைவர்களுக்கும் இதை மின்னஞ்சலில் எழுதியாக வேண்டும், ஏனென்றால் சரிசெய்வதற்கு ஆளும் பணமும் ஒதுக்கப் போவது அவர்கள்தான். டேட்டாபேஸ் எப்படி இயங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த மின்னஞ்சலைப் பொதுவாக நான்கு விதமாக எழுதுகிறார்கள். அறிக்கையை இணைத்து மேலே நாலு வரி எழுதுவது ஒன்று. உவமை சொல்லி விளக்குவது இன்னொன்று. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுத்து அனுப்புவது மூன்றாவது. விளைவையும் கேட்க வேண்டிய முடிவையும் முதலில் வைப்பது நான்காவது. பொதுவாகப் பேசினால் நான்குமே சரியாகத்தான் தோன்றும். ஒரே சோதனை முடிவை நான்கிலும் எழுதிப் பார்க்கும்போதுதான் எது எங்கே கைவிடுகிறது என்று தெரியும்.

பொறியாளரின் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஒரு மாதிரி. எண்கள் உங்கள் இடத்தில் வேறாக இருக்கும்.

> டேட்டாபேஸ் 800 ஜிபி. தினமும் இரவு 1 மணிக்கு `pg_dump`; முடிய 2 மணி 30 நிமிடம். ரீஸ்டோர் முதல் முயற்சி: 2 மணி 10 நிமிடத்தில் டிஸ்க் நிரம்பி நின்றது. இரண்டாம் முயற்சி: 9 மணி 40 நிமிடம் (டேட்டா ஏற்ற 5:50, இண்டெக்ஸ் கட்ட 3:00, சரிபார்க்க 0:50). `archive_mode = off`, ஆகவே பாயின்ட்-இன்-டைம் ரெக்கவரி இல்லை. ஆர்.டி.ஓ. 9.7 மணி, ஆர்.பி.ஓ. 26.5 மணி.

இன்னொரு பொறியாளருக்கு இதில் எல்லாமே இருக்கிறது. மற்றவர்களுக்கு இதில் எதுவுமே இல்லை. இதற்குள் இரண்டு செய்திகள் புதைந்து கிடக்கின்றன. பழுதானால் எவ்வளவு நேரம் கடை மூடிக் கிடக்கும் என்பது ஒன்று, அதுதான் ஆர்.டி.ஓ.; எவ்வளவு தகவல் திரும்ப வராமலே போகும் என்பது மற்றொன்று, அதுதான் ஆர்.பி.ஓ. இரண்டும் வேறுவேறு, இரண்டுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு. இவற்றைக் கலந்து "மீட்பில் சிக்கல் உள்ளது" என்று எழுதிவிட்டால் வாசிப்பவர் ஒன்றைச் சரிசெய்யப் பணம் கொடுத்துவிட்டு மற்றதும் சரியாகிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். நான்கு வழிகளையும் நாம் முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டியது இந்த ஒரு கேள்வியில்தான்: நேரம், இழப்பு என்ற இரண்டையும் இந்த வழி தனித்தனியே காட்டுகிறதா?

அறிக்கையை இணைத்து மேலே நாலு வரி

எழுத மிகக் குறைந்த நேரம் பிடிப்பது இதுதான். "ரீஸ்டோர் சோதனை முடிந்தது. விவரம் இணைப்பில். ஆர்.பி.ஓ. எதிர்பார்த்ததைவிட அதிகம். கருத்துகளைத் தெரிவிக்கவும்" என்று அனுப்பினால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாகப் பதிவும் இருக்கும். ஆனால் பெறுபவர் இணைப்பைத் திறந்து 14 பக்கம் படித்து, ஆர்.பி.ஓ. என்றால் என்ன என்று தேடி, அதை ஆர்டர்களாக மாற்றிக் கணக்குப் போட்டால்தான் செய்தி அவரிடம் போய்ச் சேரும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் அனுப்பியவர்தான். தாம் செய்திருக்க வேண்டிய மொழிபெயர்ப்பை அவர் பெறுபவரின் தலையில் கட்டிவிடுகிறார்.

சுருக்கெழுத்தை விரித்து எழுதிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். "ஆர்.பி.ஓ. (மீட்புப் புள்ளி இலக்கு)" என்று எழுதினால் சொல் தமிழாகிவிட்டது, பொருள் இன்னும் வந்து சேரவில்லை. "ஆர்.பி.ஓ. 26.5 மணி" என்பதன் எளிய தமிழ் "மோசமான நேரத்தில் பழுதானால் ஒரு நாளுக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் திரும்பக் கிடைக்காது" என்பதுதான். மாற்ற வேண்டியது நிகழ்வை, சொல்லை அல்ல.

இந்த வழிக்கும் உரிய இடம் உண்டு. தணிக்கையாளர் கேட்டால், அல்லது பெறுபவர்களில் ஒருவராவது தொழில்நுட்பம் அறிந்தவராக இருந்தால், முழு அறிக்கை கையில் இருக்க வேண்டும். அதை மின்னஞ்சலின் அடியில் ஓர் இணைப்பாக வையுங்கள். செய்தியைச் சுமக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

உவமை

உவமை கவர்ச்சியானது, எழுதுபவருக்கு மனநிறைவும் தருவது. இந்த முடிவுக்குக் கணக்கு நோட்டை உவமையாக வைத்துப் பார்ப்போம். பகல் முழுக்க ஒரு நோட்டில் எழுதுகிறோம். இரவில் அதை நகலெடுத்துப் பெட்டியில் பூட்டுகிறோம். மறுநாள் மாலை நோட்டு தீப்பிடித்தால், பெட்டியில் இருப்பது முந்தைய இரவு வரைக்குமான கணக்கு மட்டும்தான். அன்று பகலில் எழுதியது போயிற்று.

இழப்பு என்ற பகுதியை இது அழகாக விளக்கிவிடுகிறது. பேக்கப் என்றால் "எல்லாம் பத்திரமாக இருக்கிறது" என்று நினைத்தவருக்கு ஒரே மூச்சில் புரிந்துவிடும். ஆனால் நேரத்தைப் பற்றி இந்த உவமை வாய் திறப்பதில்லை. நோட்டின் நகலைப் பெட்டியிலிருந்து எடுக்க ஒரு நிமிடம் போதும். டேட்டாபேஸை எடுக்க 9 மணி 40 நிமிடம் ஆகிறது, அதில் 3 மணி நேரம் வெறும் இண்டெக்ஸ் கட்டுவதற்கே. உவமையைக் கேட்டு மகிழ்ந்தவர் மனதில் "நகல்தான் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாம்" என்பதே பதிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தீர்வைச் சொல்லும்போது வருகிறது. எல்லா மாற்றங்களையும் உடனுக்குடன் பெற்றுக்கொண்டே இருக்கும் இரண்டாவது சர்வர் ஒன்றை வைக்கலாம் என்பது ஒரு தீர்வு. உவமையில் அது "பக்கத்திலேயே இன்னொருவர் இன்னொரு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்" என்றாகும். கேட்பவர் உடனே, அப்படியானால் இரவு நகல் எதற்கு, அந்தச் செலவை நிறுத்தலாமே என்பார். உவமைப்படி அவர் சொல்வது சரி. உண்மையில் பெரும் தவறு. யாராவது தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் ஒரு மாற்றம்தான். சில நொடிகளில் அது இரண்டாவது சர்வருக்கும் போய் அங்கேயும் அழித்துவிடும். நோட்டு எழுதும் மனிதர், "பக்கத்தைக் கிழிக்கிறாரே, நான் கிழிக்க வேண்டாம்" என்று கை நிறுத்துவார். சர்வர் நிறுத்தாது.

ஆகவே உவமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். பெறுபவருக்குப் புரிந்தால் போதும், அவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்ற இடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவர் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், உவமை ஒரே ஒரு கருத்தை விளக்கும் ஒரு வாக்கியத்தோடு நிற்கட்டும். தீர்வுகளை உவமையின் மொழியில் ஒப்பிட்டால், பெறுபவர் உவமையை வைத்து முடிவெடுப்பார்.

நிறமும் அடைமொழியும்

"மீட்புத் திறன்: சிவப்பு" என்று ஒரு வரி. இருபது திட்டங்களை ஒரே பக்கத்தில் பார்க்கும் நிர்வாகிக்கு எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்ட நிறம் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நேரம், இழப்பு இரண்டையும் ஒரே நிறம் விழுங்கிவிடுகிறது. 5 நிமிட ஆர்டர்களை இழந்து 3 மணி நேரம் மூடிக் கிடப்பது மஞ்சளா? அதைப் பொறியாளர் தீர்மானிக்கக் கூடாது. எவ்வளவு தாங்கும் என்பது வணிகம் நடத்துபவருக்குத்தான் தெரியும். நிறம் கொடுப்பவர் அந்த முடிவைத் தாமே எடுத்து, எடுத்ததை மறைத்தும் விடுகிறார்.

"கடுமையான அபாயம்", "கணிசமான வாய்ப்பு" போன்ற அடைமொழிகளுக்கும் இதே குறைதான், இதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. 1951-இல் அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று, யுகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்க "தீவிரமான சாத்தியம்" உள்ளதாக எழுதியது. அதை உருவாக்கிய குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது ஏறத்தாழ 100-க்கு 65. உடன் எழுதியவர்களைக் கேட்டபோது 20 என்றவரும் இருந்தார், 80 என்றவரும் இருந்தார். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே சொல்லுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களே அதற்கு இத்தனை பொருள் வைத்திருந்தார்கள். தொலைவில் இருந்து மின்னஞ்சலில் படிப்பவர் என்ன பொருள் கொள்வார் என்று சொல்லவே முடியாது.

எண் இருந்தால் எண்ணை எழுதுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். "கடந்த 3 ஆண்டுகளில் இப்படிப் பழுதானதில்லை; இனி எப்போது ஆகும் என்று சொல்ல எங்களிடம் கணக்கு இல்லை" என்ற வாக்கியம் "கணிசமான அபாயம்" என்பதைவிட மென்மையாகத் தோன்றலாம். ஆனால் அது உண்மை, அடுத்த முறை நீங்கள் எழுதும்போது நம்பவும் வைக்கும்.

விளைவு முதலில், கேட்பது தெளிவாக

நான்காவது வழியில் எழுதிய மின்னஞ்சலை முழுமையாகவே பார்க்கலாம்.

> பொருள்: ஆர்டர் டேட்டாபேஸ் மீட்பு ஏற்பாடு – 20-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவு தேவை
>
> வணக்கம்.
>
> ஆர்டர் டேட்டாபேஸ் பழுதானால் அதைத் திரும்பக் கொண்டுவர இப்போதைய ஏற்பாட்டில் குறைந்தது 10 மணி நேரம் ஆகும். அதுவரை ஆர்டர் எடுக்க முடியாது. அதோடு, கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த ஆர்டர்கள் திரும்பக் கிடைக்காது. மோசமான நேரத்தில் பழுதானால் அது ஒரு நாளுக்குச் சற்று மேல், சுமார் 1,500 ஆர்டர்கள். அந்த வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கியிருப்போம். எதற்கு வாங்கினோம் என்ற பதிவு நம்மிடம் இருக்காது.
>
> இந்த வாரம் பேக்கப்பை வேறு சர்வரில் ஏற்றிப் பார்த்ததில் இது தெரிந்தது. இப்போது எதுவும் பழுதாகவில்லை, எந்தத் தகவலும் போகவில்லை. கடந்த 3 ஆண்டுகளில் இப்படிப் பழுதானதில்லை. இனி எப்போது ஆகும் என்று சொல்ல எங்களிடம் கணக்கு இல்லை.
>
> மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
>
> அ. இப்படியே விடுவது. புதிய செலவு இல்லை. மேலே சொன்ன 10 மணி நேரமும் ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட இழப்பும் அப்படியே இருக்கும்.
>
> ஆ. பேக்கப் எடுக்கும் முறையை மாற்றி, புதிய பதிவுகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வேறிடத்தில் சேமிப்பது. இழப்பு சராசரியாக 5 ஆர்டர்களுக்குள் அடங்கும். மீட்க 3 மணி நேரம் ஆகலாம். இது மதிப்பீடு, இன்னும் சோதிக்கவில்லை. செய்து முடிக்க 2 பேருக்கு 2 வாரம். சேமிப்பிடத்துக்கு மாதச் செலவு சிறிது கூடும்.
>
> இ. 'ஆ'-வைச் செய்து, கூடவே எப்போதும் தயாராக ஓர் இரண்டாவது சர்வரை வைப்பது. சர்வர் பழுதானால் 15 நிமிடத்தில் அதற்கு மாறலாம் (இதுவும் மதிப்பீடு). ஆனால் யாராவது தவறுதலாகத் தகவலை அழித்தால் இரண்டாவது சர்வரிலும் அது அழிந்துவிடும். அப்போது 'ஆ'-வில் உள்ள 3 மணி நேரமே பொருந்தும். டேட்டாபேஸ் சர்வருக்கான மாதச் செலவு இரு மடங்காகும்.
>
> எங்கள் பரிந்துரை 'ஆ'. 3 மணி நேரம் ஆர்டர் எடுக்காமல் இருக்க முடியாது என்றால் 'இ'. அதை நீங்கள்தான் சொல்ல முடியும். 20-ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் இப்போதைய ஏற்பாடே தொடரும்.
>
> முழு சோதனை அறிக்கை: (இணைப்பு)

நேரமும் இழப்பும் முதல் பத்தியிலேயே தனித்தனி வாக்கியங்களாக நிற்கின்றன. மூன்று வழிகளிலும் அதே இரண்டு அளவுகள் திரும்ப வருகின்றன. ஒப்பிட வேறெதுவும் தேவையில்லை. `pg_dump`, இண்டெக்ஸ், டிஸ்க் நிரம்பியது எல்லாம் அறிக்கைக்குப் போய்விட்டன. எளிமையாக இருக்கிறது என்பதை வைத்து எளிதில் எழுதிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தேர்வு இருக்கிறது.

முதல் எண் 10 மணி நேரம். சோதனையில் வந்தது 9 மணி 40 நிமிடம். அதை அப்படியே எழுதினால், பழுதான நொடியிலிருந்து 9 மணி 40 நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் பழுதைக் கண்டறியவும், புதிய சர்வரைத் தயார் செய்யவும் ஆகும் நேரம் சோதனைக் கடிகாரத்தில் சேரவில்லை. முதல் முயற்சி தோற்றதையும் சேர்த்தால் சோதனைக்கே 11 மணி 50 நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்காக 12 மணி என்று எழுதினாலும் சரியாகாது. சோதனை சர்வரில் டிஸ்க் சிறியதாக இருந்ததால் வந்த தோல்வி அது, இடத்தை முன்கூட்டி அளந்து வைத்தால் மீண்டும் வராது. "குறைந்தது 10 மணி நேரம்" என்ற தொடரில் அந்தக் "குறைந்தது" என்ற சொல்லை மட்டும் யாரும் சுருக்கத்துக்காக வெட்டிவிடக் கூடாது.

இரண்டாவது எண்ணில் தவறு நடப்பது இன்னும் எளிது. "தினமும் பேக்கப் எடுக்கிறோம், ஆகவே அதிகபட்ச இழப்பு 24 மணி நேரம்" என்று பொறியாளர்களே சொல்லிவிடுவதுண்டு. `pg_dump` எடுக்கும் நகல் அது தொடங்கிய நேரத்து நிலையைக் காட்டுவது, முடிந்த நேரத்து நிலையை அல்ல. இரவு 1 மணிக்குத் தொடங்கியது 3:30-க்கு முடிகிறது. மறுநாள் 3:29-க்குப் பழுதானால் அன்றைய பேக்கப் அரைகுறை, உதவாது. முந்தைய இரவு 1 மணி நிலைதான் கையில் இருக்கும். 24-உடன் 2:30 சேர, இழப்பு 26 மணி 30 நிமிடம். ஒரு நாளைக்குச் சராசரியாக 1,400 ஆர்டர் என்றால் இது 1,546. மின்னஞ்சலில் "சுமார் 1,500" என்று முழுமையாக்கியது சரி. நான்கு இலக்கத் துல்லியம், நம்மிடம் இல்லாத உறுதியைக் காட்டிவிடும். ஆனால் "ஒரு நாள்" என்று வெட்டாமல் "ஒரு நாளுக்குச் சற்று மேல்" என்று விட்டது வேண்டுமென்றே. பின்னாளில் 25 மணி நேரத் தகவல் போனால், 24 என்று எழுதியவர் பொய் சொன்னவராகிவிடுவார்.

மோசமான நிலையை மட்டும் சொல்வது பயமுறுத்துவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. பேக்கப் முடிந்த உடனே பழுதானால் இழப்பு 2 மணி 30 நிமிடம்தான், சராசரிக் கணக்கில் 150 ஆர்டருக்குள். இரண்டுக்கும் நடுவே 14 மணி 30 நிமிடம், சுமார் 850 ஆர்டர். மூன்று எண்களையும் கொடுக்கலாம், ஆனால் இங்கே அது முடிவை மாற்றாது. நிதிப் பிரிவு தாங்க வேண்டியது எந்தத் தொகையை என்பதே கேள்வி. அதற்குத் தேவை மேல் எல்லைதான். மேல் எல்லையைச் சொல்லும்போது "மோசமான நேரத்தில்" என்ற நிபந்தனை அதே வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த பத்திக்குத் தள்ளினால், அந்த வரியை மட்டும் வெட்டி யாரோ வேறொருவருக்கு அனுப்புவார்கள்.

சதவீதத்தை இங்கே தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. ஓர் ஆண்டில் 10 மணி நேரம் மூடிக் கிடந்தால் அந்த ஆண்டில் 99.89 சதவீத நேரம் இயங்கியதாகக் கணக்கு. எண் பொய்யில்லை. ஆனால் அதைப் படித்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். "10 மணி நேரம்" என்று படித்தால், வாடிக்கையாளர் சேவைத் தலைவர் எத்தனை அழைப்புகள் வரும் என்று உடனே மனக்கணக்குப் போடுவார். பெறுபவர் தம் வேலையில் ஏற்கெனவே பயன்படுத்தும் அலகு எதுவோ, அதற்கு மாற்றுங்கள்: மணி, ஆர்டர், அழைப்பு, ஆள்-வாரம்.

சோதித்ததும் சோதிக்காததும்

எளிமையாக்கும்போது முதலில் பலியாவது எது அளந்தது, எது ஊகம் என்ற வேறுபாடு. 10 மணி நேரம் அளந்து பார்த்தது. 'ஆ'-வின் 3 மணி நேரமும் 'இ'-யின் 15 நிமிடமும் மதிப்பீடு. மூன்றையும் ஒரே தொனியில் எழுதினால் மூன்றும் ஒரே உறுதியோடு பதியும். ஒரு மாதம் கழித்து 'ஆ' நடைமுறைக்கு வந்து, சோதனையில் 4 மணி நேரம் ஆனால், "3 என்றுதானே வாக்குக் கொடுத்தீர்கள்" என்பார்கள்.

இது எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடத்தைவிடக் கனமான எடுத்துக்காட்டு இல்லை. 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்டபோது, வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே பொறியாளர்கள் பாதிப்பை ஆராய்ந்து நிர்வாகத்துக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்வதாகப் பொருள்படும்படி இருந்தது. மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டவை 3 கன அங்குலம் என்ற தகவல் அதே ஸ்லைடின் கடைசி வரியில், உள்ளே தள்ளிய சிறு எழுத்தில் இருந்தது. 640 மடங்கு. அந்தச் சோதனைகளை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. "குறிப்பிடத்தக்க" என்ற பொருளுடைய சொல் அதே ஸ்லைடில் ஐந்து முறை வந்தது, ஒருமுறைகூட அளவு சொல்லாமல். பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். பின்னர் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடையே எடுத்துக் காட்டி, உயிருக்கு ஆபத்தான நிலை என்பதை மூத்த நிர்வாகி ஒருவர் இதைப் படித்து உணராமல் போக எப்படி இடமிருந்தது என்று விளக்கியது.

யாரும் எதையும் மறைக்கவில்லை. எண் அங்கேயே இருந்தது. அது நின்ற இடம்தான் தவறு. நம் மின்னஞ்சலிலும் "சோதிக்கவில்லை" என்ற சொல் 3 மணி நேரம் என்ற எண்ணை ஒட்டியே நிற்பது இதற்காகத்தான். கீழே நட்சத்திரக் குறியிட்டு எழுதினால் போதாது.

ஒரே மின்னஞ்சலா, ஆளுக்கு ஒன்றா?

மூன்று தலைவர்களுக்கும் தனித்தனியே எழுதினால் ஒவ்வொருவருக்கும் அவரவர் கவலையைத் தொட்டுப் பேசலாம். ஆனால் அவர்கள் கூடிப் பேசும்போது ஒருவர் கையில் "10 மணி நேரம்", இன்னொருவர் கையில் "1,500 ஆர்டர்" என்றிருந்தால் இரண்டு வேறு சிக்கல்களைப் பற்றிப் பேசுவதாகவே நினைப்பார்கள். கூட்டாக முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு ஒரே மின்னஞ்சல் போதும். ஆர்டர் தொலைந்தால் பணம் செலுத்தும் சேவையின் பட்டியலோடு ஒப்பிட்டு யாருக்குத் திருப்பித் தருவது என்று கண்டுபிடிக்கும் வேலை போன்ற தனி விவரங்களை, அந்தந்தப் பிரிவு கேட்டால் பதிலில் கொடுக்கலாம்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்

அனுப்புவதற்கு முன், தொழில்நுட்பம் சாராத வேலையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு மின்னஞ்சலை மூடிவிட்டு மூன்றே கேள்விகள்: இன்று ஏதாவது பழுதாகியிருக்கிறதா? 'இ'-யைத் தேர்ந்தெடுத்தால் தவறுதலாக அழித்த தகவல் 15 நிமிடத்தில் வருமா? உங்களிடம் என்ன கேட்கிறார்கள், எப்போதுக்குள்? "புரிந்ததா" என்று கேட்காதீர்கள்; எல்லாரும் தலையாட்டுவார்கள். முதல் கேள்விக்கு "ஆமாம், பழுதாகிவிட்டது" என்று பதில் வந்தால், முதல் வாக்கியத்தின் "பழுதானால்" அவர் கண்ணில் படவில்லை. "இப்போது எதுவும் பழுதாகவில்லை" என்ற வரியை மேலே கொண்டுபோங்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலும் தடுக்கும். அதற்கு "வரும்" என்று பதில் வந்தால் 'இ'-யை இரண்டு தனி வாக்கியங்களாக உடைத்து, சர்வர் பழுது ஒரு வாக்கியம், தவறான அழிப்பு ஒரு வாக்கியம் என்று எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு வரும் பதில்களும் நிறையச் சொல்லும். "தகவலுக்கு நன்றி" என்று வந்தால் நீங்கள் முடிவு கேட்டது அவருக்குத் தெரியவில்லை. பொருள் வரியையும் கடைசிப் பத்தியையும் பாருங்கள். "பேக்கப் இல்லையா?" என்று வந்தால், பேக்கப் இருக்கிறது, அதிலிருந்து மீள நேரமாகிறது என்ற வேறுபாடு விழுந்துவிட்டது. "3 மணி நேரத்தை 1 மணி ஆக்க என்ன செலவு?", "இரவில் மட்டும் 5 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடம் வைத்தால் செலவு குறையுமா?" என்ற மாதிரிக் கேள்விகள் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் உங்கள் எண்களைக் கையில் எடுத்துத் தம் கணக்கைப் போடத் தொடங்கிவிட்டார்.

'ஆ'-வுக்கு ஒப்புதல் வந்து வேலை முடிந்ததும் சோதனையைத் திரும்பச் செய்து, அதே மூவருக்கும் அதே வடிவில் மூன்று வரி எழுதுங்கள்: இழப்பு சராசரியாக 5 ஆர்டர்களுக்குள் என்று சொன்னோம், சோதனையில் இவ்வளவு வந்தது, மீட்க 3 மணி நேரம் என்று மதிப்பிட்டோம், அளந்ததில் இவ்வளவு ஆனது, 3 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால், 'இ' வேண்டுமா என்ற கேள்வி மறுபடியும் உங்கள் முன் இருக்கிறது.